x-இன் மதிப்பைத் தேடாதீர்கள்: பகடைகளையும் நாணயங்களையும் எண்ணித்தரும் பல்லுறுப்புக்கோவை

மூன்று பகடைகளை ஒன்றாக உருட்டுகிறோம். கூட்டுத்தொகை 9 விழ வாய்ப்பு அதிகமா, 10 விழவா? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் இந்தக் கேள்வி கலிலியோவிடம் வந்து சேர்ந்தது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் ஆறாறு வழிகள்தான் தெரிகின்றன. 9-க்கு 1+2+6, 1+3+5, 1+4+4, 2+2+5, 2+3+4, 3+3+3. 10-க்கு 1+3+6, 1+4+5, 2+2+6, 2+3+5, 2+4+4, 3+3+4. ஆனால் பகடையோடு காலம் கழித்த சூதாடிகளுக்கு 10 சற்றே அடிக்கடி விழுவதாகப் பட்டது. அவர்கள் கண் பொய் சொல்லவில்லை.

கலிலியோ பொறுமையாகப் பட்டியல் போட்டு விடை கண்டார். 18ஆம் நூற்றாண்டில் ஆப்ரகாம் தெ முவாவர் பகடைக் கணக்குகளுக்கும், லெயோனார்ட் ஆய்லர் ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாகப் பிரிக்கும் கணக்குகளுக்கும் பட்டியலே இல்லாத ஒரு வழியைக் கையாண்டார்கள். அதன் பெயர் ‘பிறப்பிக்கும் சார்பு’. இந்தப் பெயரைக் கேட்டதும் பலர் இரண்டு தவறான முடிவுகளில் ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள். ஒன்று, இது உயர்கணிதம், நமக்கு ஆகாது என்பது. மற்றொன்று, எந்த எண்ணும் கணக்கையும் இதில் போட்டால் விடை தானாக வந்துவிடும் என்பது. உண்மையில் இதற்குத் தேவையானது பள்ளியில் படித்த பல்லுறுப்புக்கோவைப் பெருக்கல் மட்டுமே. ஆனால் எதைப் பெருக்குகிறோம் என்பதில் கவனம் தவறினால், துல்லியமாகக் கணக்கிட்டும் தவறான விடைதான் வரும்.

## ஒரு பயணம், இரண்டு கட்டங்கள்

பகடைக்கு முன் ஒரு சிறிய கணக்கு. ஓர் ஊருக்குப் போக இரண்டு வண்டிகள் மாற வேண்டும். முதல் கட்டத்துக்கு இரண்டு வண்டிகள் உண்டு: ஒன்று 1 மணி நேரத்தில் போகும், மற்றது 2 மணி நேரத்தில். இரண்டாம் கட்டத்திலும் இரண்டு வண்டிகள்: 2 மணி நேரம் அல்லது 3 மணி நேரம். மொத்தம் 4 மணி நேரத்தில் போய்ச்சேர எத்தனை வழிகள்?

மனத்திலேயே சொல்லிவிடலாம்: 1+3, 2+2, ஆக இரண்டு வழிகள். இதையே இப்படி எழுதிப் பார்ப்போம்.

(x + x²)(x² + x³) = x³ + x⁴ + x⁴ + x⁵ = x³ + 2x⁴ + x⁵

முதல் அடைப்புக்குறியில் உள்ள x + x² என்பதை ‘1 மணி நேரம் அல்லது 2 மணி நேரம்’ என்று படியுங்கள். கூட்டல் குறிக்குப் பொருள் ‘அல்லது’. இரண்டு அடைப்புக்குறிகளும் அருகருகே பெருக்கலாக நிற்பதை ‘அதன் பிறகு’ என்று படியுங்கள். பெருக்கும்போது முதல் அடைப்பிலிருந்து ஓர் உறுப்பையும் இரண்டாவதிலிருந்து ஓர் உறுப்பையும் எடுக்கிறோம். ஒரு பயணி செய்வதும் இதையேதான். x-ஐயும் x³-ஐயும் பெருக்கினால் அடுக்குகள் கூடி x⁴ ஆகின்றன. 1 மணி நேரமும் 3 மணி நேரமும் கூடி 4 ஆவதுபோல. கடைசியில் ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும்போது, ஒரே நேரத்தில் முடியும் பயணங்கள் ஒன்றாகக் குவிகின்றன. x⁴-க்கு முன்னால் நிற்கும் 2 என்ற எண்ணுக்குக் கெழு என்று பெயர். அதுவே நாம் தேடிய விடை.

இனி சொல்லின் பொருளைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மொத்தத்தையும் x-இன் அடுக்காகவும், அந்த மொத்தம் கிடைக்கும் வழிகளின் எண்ணிக்கையைக் கெழுவாகவும் கொண்டு எழுதப்படும் கோவையே பிறப்பிக்கும் சார்பு.

இங்கே பலரும் கேட்பது: ‘அப்படியானால் x-இன் மதிப்பு என்ன?’ ஒன்றுமில்லை. நாம் எந்தச் சமன்பாட்டையும் தீர்க்கவில்லை. பெட்டிகளின் மேல் ஒட்டும் எண்சீட்டு போன்றது x⁴. ‘மொத்தம் 4’ என்று எழுதிய பெட்டி அது. உள்ளே 2 இருக்கிறது. பெருக்கும்போது சீட்டுகளின் எண்கள் தாமாகவே கூடிக்கொள்ளும் என்பதற்காகத்தான் x-ஐ அழைத்து வந்தோம்.

## மூன்று பகடைகள்

ஒரு பகடையில் 1 அல்லது 2 அல்லது … 6 விழும். ஆகவே அதன் கோவை x + x² + x³ + x⁴ + x⁵ + x⁶. ஒவ்வொரு முகமும் ஒரே ஒருமுறை இருப்பதால் எல்லாக் கெழுக்களும் 1.

இரண்டு பகடைகளுக்கு இதை இதனாலேயே பெருக்க வேண்டும்:

x² + 2x³ + 3x⁴ + 4x⁵ + 5x⁶ + 6x⁷ + 5x⁸ + 4x⁹ + 3x¹⁰ + 2x¹¹ + x¹²

கெழுக்கள் 1 முதல் 6 வரை ஏறி மீண்டும் 1 வரை இறங்குகின்றன. இரண்டு பகடைகளில் 7 அதிகம் விழுவதற்குக் காரணம் இதில் அப்படியே தெரிகிறது.

மூன்றாவது பகடையையும் சேர்க்க, இந்தக் கோவையை மீண்டும் x + x² + … + x⁶ ஆல் பெருக்க வேண்டும். முழுவதையும் விரித்து எழுத வேண்டியதில்லை. நமக்கு வேண்டியவை x⁹, x¹⁰ ஆகியவற்றின் கெழுக்கள் மட்டும். x⁹ எப்படி உருவாகும்? மூன்றாவது பகடை 1 காட்டினால் முதல் இரண்டும் 8 தந்திருக்க வேண்டும். 2 காட்டினால் 7. இப்படியே 6 காட்டினால் 3. ஆக, இரண்டு பகடைக் கோவையில் 3 முதல் 8 வரையுள்ள கெழுக்களைக் கூட்டினால் போதும்:

2 + 3 + 4 + 5 + 6 + 5 = 25

x¹⁰-க்கு இதே ஆறு கட்டச் சன்னலை ஓரிடம் வலப்புறம் நகர்த்துகிறோம். இப்போது 4 முதல் 9 வரை:

3 + 4 + 5 + 6 + 5 + 4 = 27

சன்னல் நகர்ந்தபோது இடது ஓரத்தில் 2 வெளியேறி வலது ஓரத்தில் 4 உள்ளே வந்தது. வித்தியாசம் இரண்டு. அவ்வளவுதான் சூதாடிகள் கண்ட புதிர். மொத்தம் 6 × 6 × 6 = 216 விளைவுகளில் 9-க்கு 25, 10-க்கு 27. சதவீதத்தில் சொன்னால் ஏறத்தாழ 11.6-உம் 12.5-உம். இந்தச் சிறு வேறுபாட்டை வெறும் ஆட்ட அனுபவத்தில் ஒருவர் உணர வேண்டுமானால் எத்தனை முறை உருட்டியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

பெருக்கலில் எங்கேனும் பிழை நேர்ந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. x-க்கு மதிப்பே இல்லை என்றேன்; இந்த ஓர் இடத்தில் மட்டும் x = 1 என்று வைக்கலாம். அப்போது எண்சீட்டுகள் மறைந்து கெழுக்கள் மட்டும் கூடும். இரண்டு பகடைக் கோவையின் கெழுக்களைக் கூட்டினால் 36 வர வேண்டும், மூன்றுக்கு 216. வராவிட்டால் ஏதோ ஓர் உறுப்பை விட்டுவிட்டீர்கள் அல்லது இருமுறை எழுதிவிட்டீர்கள்.

சூதாடிகளின் ஆறு-ஆறு பட்டியல் எங்கே சறுக்கியது? 3+3+3 என்பது ஒரே ஒரு விதமாகத்தான் விழும். 3+3+4 மூன்று விதமாக விழும், ஏனெனில் 4 எந்தப் பகடையில் வருகிறது என்பது வேறுபடலாம். 1+2+6 ஆறு விதமாக விழும். பட்டியலில் ஒவ்வொன்றும் ஒரு வரிதான் என்றாலும் அவற்றின் எடை ஒன்றல்ல. கோவையில் ஒவ்வொரு பகடைக்கும் தனி அடைப்புக்குறி இருப்பதால், எந்தப் பகடை எதைக் காட்டியது என்ற வேறுபாட்டை அது மறப்பதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவு: கூட்டல் என்றால் ‘அல்லது’, பெருக்கல் என்றால் ‘அதன் பிறகு’, அடுக்கு என்றால் மொத்தம், கெழு என்றால் வழிகளின் எண்ணிக்கை.

## நாணயங்களுக்கு அடைப்புக்குறி எதைக் குறிக்கிறது?

இப்போது பையில் நாணயங்கள். ஐந்து 1-நாணயங்கள், மூன்று 2-நாணயங்கள், ஒரே ஒரு 5-நாணயம். மொத்தம் 10 தர எத்தனை வழிகள்?

பகடைப் பழக்கத்தில் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஓர் அடைப்புக்குறி போடத் தோன்றும். அது இங்கே பொருந்தாது. ஒரு 1-நாணயத்துக்கும் இன்னொரு 1-நாணயத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. எதை முதலில் நீட்டினோம் என்பதும் முக்கியமில்லை. எந்த வகையில் எத்தனை என்பதே கேள்வி. ஆகவே அடைப்புக்குறி நாணயத்துக்கு அன்று, நாணய வகைக்கு. பகடையில் ஒவ்வொரு காரணியும் ஒரு பொருள். நாணயத்தில் ஒவ்வொரு காரணியும் ஒரு வகை. இந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியத்தை மட்டும் அடிக்கோடிடுவதென்றால் அது இதுதான்.

1-நாணயங்களை 0 முதல் 5 வரை எடுக்கலாம்: 1 + x + x² + x³ + x⁴ + x⁵. முதலில் நிற்கும் 1 என்பது x⁰, அதாவது ‘ஒன்றும் எடுக்கவில்லை’. பகடைக்கு இந்த உறுப்பு கிடையாது, ஏனெனில் உருட்டிய பகடை ஏதாவது ஒன்றைக் காட்டியே தீரும். நாணயத்துக்கு அது கட்டாயம் வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தவறவிடும் உறுப்பு இந்த 1-தான். அதை விட்டால், ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஒரு நாணயமாவது தர வேண்டும் என்ற வேறொரு கணக்கின் விடை வந்துவிடும்.

2-நாணயங்களுக்கு 1 + x² + x⁴ + x⁶. 5-நாணயத்துக்கு 1 + x⁵. மூன்றையும் பெருக்கி x¹⁰-இன் கெழுவைப் பார்க்க வேண்டும். கடைசி அடைப்பிலிருந்து தொடங்குவது எளிது. x⁵ எடுத்தால் மீதி இரண்டிலிருந்து x⁵ வேண்டும்: x⁵·1, x³·x², x·x⁴ என மூன்று வழிகள். 1 எடுத்தால் மீதி இரண்டிலிருந்து x¹⁰ வேண்டும்: x⁴·x⁶ மட்டுமே முடியும், ஒரு வழி. மொத்தம் 4. நாணயங்களாகச் சொன்னால், 5-உடன் ஐந்து 1. 5-உடன் ஒரு 2, மூன்று 1. 5-உடன் இரண்டு 2, ஒரு 1. 5 இல்லாமல் மூன்று 2, நான்கு 1.

## நாணயங்கள் தீராமல் இருந்தால்

ஒவ்வொரு வகையிலும் வேண்டிய அளவு நாணயங்கள் இருந்தால் அடைப்புக்குறிகள் முடியாமல் நீளும். 2-நாணயங்களுக்கு 1 + x² + x⁴ + x⁶ + x⁸ + … என்று போய்க்கொண்டே இருக்கும். இதைச் சுருக்கி 1/(1 − x²) என்று எழுதுவது வழக்கம். இதில் மர்மம் ஏதுமில்லை. அந்த நீண்ட தொடரை (1 − x²) ஆல் பெருக்கிப் பாருங்கள்: தொடரையே ஒருமுறை எழுதி, அதையே இரண்டிடம் தள்ளி எழுதிக் கழிக்கிறோம். முதலில் உள்ள 1 தவிர எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

‘x = 2 என்று வைத்தால் இந்தத் தொடர் எல்லையின்றிப் பெரிதாகிவிடுமே, பிறகு எப்படிச் சமம் என்கிறீர்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் நாம் x-க்கு எதையும் வைக்கப்போவதில்லை. 10 என்ற மொத்தத்தை எண்ணும்போது x¹⁰-க்கு மேற்பட்ட உறுப்புகள் ஒருபோதும் உள்ளே வருவதில்லை. x¹⁰-க்குப் பிறகு வருவதையெல்லாம் கத்தரித்துவிட்டாலும் விடை மாறாது.

ஆக 1, 2, 5 ஆகிய மூன்று வகைகளுக்கும் சேர்த்துப் பிறப்பிக்கும் சார்பு:

1/((1 − x)(1 − x²)(1 − x⁵))

இதிலிருந்து எண்ணை எப்படி எடுப்பது? ஒவ்வொரு வகையாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். 1-நாணயம் மட்டும் இருந்தால் எந்த மொத்தத்துக்கும் ஒரே வழி. 0 முதல் 10 வரை எழுதினால்:

1, 1, 1, 1, 1, 1, 1, 1, 1, 1, 1

இப்போது 2-நாணயம் வருகிறது, அதாவது (1 − x²) ஆல் வகுக்கிறோம். புதிய வரிசையில் ஒவ்வோர் இடத்திலும், பழைய வரிசையில் அதே இடத்தில் உள்ள எண்ணையும் புதிய வரிசையில் இரண்டிடம் முன்னால் உள்ள எண்ணையும் கூட்ட வேண்டும். முதலாவது ‘2-நாணயமே இல்லாத வழிகள்’. இரண்டாவது ‘ஒரு 2-நாணயத்தைத் தனியே வைத்துவிட்டு மீதியைத் தரும் வழிகள்’.

1, 1, 2, 2, 3, 3, 4, 4, 5, 5, 6

பிறகு 5-நாணயம், அதே விதி, இம்முறை ஐந்திடம் முன்னால் பார்க்க வேண்டும்:

1, 1, 2, 2, 3, 4, 5, 6, 7, 8, 10

கடைசி எண் 10. மொத்தம் 10 தர 10 வழிகள் இருப்பது தற்செயல்தான். அதில் பொருள் தேட வேண்டாம்.

சுருக்கமாக, அளவுள்ள பையென்றால் அடைப்புக்குறி ஓரிடத்தில் முடியும், தீராத பையென்றால் முடியாமல் நீளும். எண்ணும் விதி இரண்டுக்கும் ஒன்றே.

## 10 எப்படி 128 ஆகிறது

மேலே கையால் செய்ததைக் கணினிக்குச் சொன்னால் சில வரிகளில் முடிந்துவிடும்.

```python
coins = [1, 2, 5]
ways = [1] + [0] * 10
for c in coins:
    for t in range(c, 11):
        ways[t] += ways[t - c]
print(ways[10])
```

இது 10 என்று அச்சிடும். வெளிச்சுற்று ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு நாணய வகை சேர்கிறது, அதாவது கோவை ஒருமுறை (1 − xᶜ) ஆல் வகுபடுகிறது.

நான் முதன்முதலில் இதை எழுதியபோது இரண்டு சுற்றுகளையும் இடம் மாற்றிவிட்டேன். எது வெளியே, எது உள்ளே என்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

```python
ways = [1] + [0] * 10
for t in range(1, 11):
    for c in coins:
        if t >= c:
            ways[t] += ways[t - c]
print(ways[10])
```

வந்த விடை 128. பிழைச்செய்தி எதுவும் இல்லை, நிரல் ஒழுங்காக ஓடியது. அரைமணி நேரம் எழுத்துப்பிழை தேடிய பிறகுதான் விளங்கியது: நிரல் தவறில்லை, அது வேறு கேள்விக்கு விடை சொல்கிறது.

இரண்டாவது நிரல் ஒவ்வொரு மொத்தத்திலும் நின்று ‘கடைசியாக வைத்த நாணயம் எது?’ என்று கேட்கிறது. கடைசி நாணயம் என்ற பேச்சு வந்தாலே வரிசை வந்துவிட்டது. 1+2 என்பதும் 2+1 என்பதும் அதற்கு வெவ்வேறு வழிகள். கோவையாக எழுதினால் இது நாணயங்களைப் பகடைபோல் நடத்துவதாகும். முதல் நாணயத்துக்கு ஓர் அடைப்பு (x + x² + x⁵), இரண்டாவதற்கு அதே அடைப்பு இன்னொரு முறை, இப்படி எத்தனை நாணயங்கள் வேண்டுமானாலும். எல்லா எண்ணிக்கைகளையும் சேர்த்தால் 1/(1 − x − x² − x⁵) கிடைக்கும். பார்வைக்கு முந்தைய சார்புக்கு உறவுக்காரர்போல் இருக்கும். ஆனால் அதன் x¹⁰ கெழு 128.

அந்த 128 பயனற்றதன்று. ஒரு படிக்கட்டில் ஒரு தாவலுக்கு 1, 2 அல்லது 5 படிகள் ஏறி 10 படிகளைக் கடக்க எத்தனை விதங்கள் என்று கேட்டால் அதுதான் சரியான விடை, ஏனெனில் தாவல்களின் வரிசை அங்கே உண்மையாகவே வேறுபடுகிறது.

சூதாடிகளின் சறுக்கலும் என் சறுக்கலும் ஒரே இடத்தில் எதிரெதிர்த் திசைகளில் நடந்தவை. பகடையில் வரிசையைப் பார்க்க வேண்டியிருந்தது, அவர்கள் பார்க்காமல் 25-ஐயும் 27-ஐயும் ஆறு ஆறாகச் சுருக்கிவிட்டார்கள். நாணயத்தில் வரிசையை விட்டுவிட வேண்டியிருந்தது, நான் விடாமல் 10-ஐ 128 ஆக ஊதிவிட்டேன்.

எந்தப் பக்கம் சறுக்கியிருக்கிறோம் என்று கண்டுபிடிக்கப் பெரிய மொத்தம் தேவையில்லை. 1, 2 நாணயங்களை மட்டும் வைத்துக்கொண்டு 3 என்ற மொத்தத்தைச் சோதியுங்கள். 1+1+1, 1+2 என்று விரல்விட்டு எண்ணினால் இரண்டு. உங்கள் கோவையோ நிரலோ 3 என்று சொன்னால், அது 2+1-ஐத் தனியாக எண்ணியிருக்கிறது.